மல்லிகைப்பூ எங்கே போச்சு? அழிக்காமல் வேலை செய்யும் லேயர் முறை

போட்டோஷாப் தெரிந்த யாரைக் கேட்டாலும் "நான் எல்லாத்தையும் தனித்தனி லேயர்லதான் வச்சிருப்பேன்" என்பார்கள். லேயர் என்பது படத்தின் பகுதிகளைத் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு. அது நிறைய இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. நானும் அப்படி நம்பித்தான் வேலைக்கு வந்தேன்.

முதல் வருடம் ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளி விளம்பரம் செய்தேன். ஸ்டூடியோவில் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் எடுத்த மாடலை வெட்டி எடுத்து, ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நிறுத்த வேண்டும். பல படங்களை இணைத்து ஒரே படமாக்கும் இந்த வேலைக்கு காம்போசிட் என்று பெயர். மாடலைச் சுற்றியிருந்த சாம்பல் நிறத்தை எரேசரால் அழித்தேன். தலையில் இருந்த மல்லிகைச் சரத்தின் ஓரம் மட்டும் பிடிபடவே இல்லை. பூவோடு சேர்த்துக் கொஞ்சம் அழித்துச் சமாளித்துவிட்டு, சேவ் செய்து மூடினேன். மறுநாள் காலை கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, அந்தப் பொண்ணு தலை நிறைய பூ வச்சிருந்துச்சே, எங்க போச்சு?"

ஃபைலில் 14 லேயர் இருந்தது. பூ மட்டும் எந்த லேயரிலும் இல்லை. அசல் படத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து வெட்டினேன். வெட்டியதற்கு மேல் செய்திருந்த நிறத் திருத்தம், நிழல் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. இரவு முழுக்கப் போயிற்று.

லேயர் பிரித்து வைப்பது ஒன்று, அழிக்காமல் வேலை செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

## உள்ளே துணி விட்டுத் தைப்பது

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது "உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க" என்று சொல்வோம். தையற்காரர் அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை துணியை உள்பக்கம் மடித்துத் தைத்துக் கொடுப்பார். பார்க்க அளவெடுத்த மாதிரியே இருக்கும். நாளைக்கு இறுக்கமானால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். உள்ளே மடித்ததை அன்றைக்கே கத்தரித்து எறிந்திருந்தால், வெளியிலிருந்து பார்க்க இரண்டு ரவிக்கையும் ஒன்றுதான். வித்தியாசம் பிரிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். படம் என்பது பிக்சல்களால் ஆனது. பிக்சல் என்றால் படத்தில் இருக்கும் ஆகச் சிறிய நிறக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நிறத்தைச் சொல்லும் எண்கள் உண்டு. எரேசரால் அழித்தாலோ, லேயரின் நிறத்தை நேரடியாக மாற்றினாலோ அந்த எண்கள் மாறுகின்றன. பழைய எண்கள் ஃபைலில் இருக்காது. இதுதான் கத்தரித்து எறிவது. அழிக்காத முறையில் எண்கள் அப்படியே இருக்கும். "இந்த இடத்தைக் காட்டாதே", "இதைப் பச்சையாகக் காட்டு" என்கிற குறிப்பு மட்டும் பக்கத்தில் சேரும். மென்பொருள் அசலையும் குறிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். குறிப்பை மாற்றினால் கணக்கும் மாறும், அசலுக்கு ஒன்றும் ஆகாது.

"அதான் Ctrl+Z இருக்கே" என்று கேட்கலாம். செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற அது பயன்படுத்தும் பட்டியல் ஃபைல் திறந்திருக்கும்வரைதான். போட்டோஷாப் வழக்கமாகக் கடைசி 50 செயல்களை நினைவில் வைக்கும், ஃபைலை மூடினால் அதுவும் போய்விடும். கஸ்டமரோ மறுநாள்தான் போன் செய்வார்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி எத்தனை லேயர் என்பதல்ல. அசல் எண்கள் ஃபைலுக்குள் இன்னும் இருக்கின்றனவா என்பதுதான்.

## மாஸ்க்: அழிக்காமல் மறைப்பது

எரேசருக்குப் பதில் வரவேண்டியது மாஸ்க். ஒரு லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், நடுச் சாம்பல் இருந்தால் பாதி தெரியும். எண்ணில் சொன்னால் 0 முழு மறைவு, 255 முழுத் தெரிவு, 128 ஏறக்குறையப் பாதி.

அந்த மல்லிகைச் சரத்தை நான் மாஸ்க்கில் மறைத்திருந்தால், போன் வந்ததும் வெள்ளை பிரஷ் எடுத்துத் தலைமேல் தடவியிருப்பேன். பூ அங்கேயே இருந்திருக்கும். ஓரத்தில் ஒட்டிய சாம்பல் நிறத்தை மட்டும் சரி செய்வது பத்து நிமிட வேலை.

முடி, பூ, மெல்லிய முந்தானை போன்றவற்றை வெட்ட Select and Mask திரையைப் பயன்படுத்துபவர்கள், கீழே Output To என்ற இடத்தில் Layer Mask என்று தேர்ந்தெடுக்க வேண்டும். Selection என்று வெளியே வந்து Delete அழுத்தினால் எரேசர் பிடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

உங்கள் மாஸ்க் உண்மையில் என்ன மறைத்திருக்கிறது என்று பார்க்க, மாஸ்க்கின் சின்னப் படத்தை Shift பிடித்துக் க்ளிக் செய்யுங்கள். அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும், மாஸ்க் தற்காலிகமாக அணையும். சாம்பல் திரை, ஸ்டூடியோ விளக்கு ஸ்டாண்டு எல்லாம் திரும்ப வந்தால் அசல் பத்திரம். ஒன்றுமே மாறாவிட்டால் யாரோ முன்பே கத்தரித்திருக்கிறார்கள்.

## சின்னதாக்கிப் பெரிதாக்கும்போது போவது

மறைப்பதை விட்டால், அதிகமாக அசல் காணாமல் போவது அளவு மாற்றும்போது. இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் புதியவர்கள் கவனிப்பதே இல்லை.

மாடல் படம் 4,000 பிக்சல் உயரம் என்று வையுங்கள். முற்றத்தில் தூரத்தில் நிற்பது போல வேண்டுமென்று 1,000 பிக்சலுக்குக் குறைக்கிறீர்கள். உயரத்தில் கால்வாசி, அகலத்திலும் கால்வாசி. அப்படியானால் மீதி இருப்பது 16-இல் ஒரு பங்கு பிக்சல்தான். மறுநாள் "பொண்ணைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க, முகம் தெரியட்டும்" என்பார் கடைக்காரர். திரும்பப் பெரிதாக்கினால், போன 15 பங்கைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். ஜரிகைக் கோடுகள் குழைந்து, கண் இமை மசமசவென்று வரும்.

இதற்குத் தீர்வு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். அசல் படத்தை ஒரு உறைக்குள் வைத்து, உறையை மட்டும் சின்னதாக்கிப் பெரிதாக்கும் ஏற்பாடு. எத்தனை முறை அளவை மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் 4,000 பிக்சல் அசலிலிருந்துதான் கணக்கு தொடங்கும். லேயரின் மேல் வலது க்ளிக் செய்து Convert to Smart Object கொடுக்க வேண்டும். சின்னதாக்குவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், இதுதான் முக்கியம். குறைத்தபிறகு கொடுத்தால் 1,000 பிக்சல் படம்தான் உறைக்குள் போகும்.

இதிலும் எல்லை உண்டு. அசல் அளவைத் தாண்டிப் பெரிதாக்கினால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் குழையும். அதன் மேல் நேரடியாக பிரஷ் ஓட்டவும் முடியாது. ஓட்டப் போனால், பிக்சலாக மாற்றிவிடவா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் OK அழுத்தினால் உறை கிழிந்தது, உள்ளே இருந்த அசலும் போனது. நானும் இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். சரியான வழி, சின்னப் படத்தை இரட்டை க்ளிக் செய்து உறைக்குள் போய்த் திருத்தி, Ctrl+S கொடுத்து வெளியே வருவது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டை Ctrl+J கொடுத்து நகல் எடுத்தால் இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே அசல். எங்கள் விளம்பரத்தில் வாசலின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு இருந்தது. ஒன்றில் Replace Contents கொடுத்து வேறு விளக்கை வைத்ததும் இரண்டும் மாறின. அங்கே அது வரம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தால் அதுவே தொல்லை. தனி அசல் வேண்டுமென்றால் நகல் எடுக்கும்போது New Smart Object via Copy என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறைக்க மாஸ்க், அளவு மாற்ற ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். இந்த இரண்டும் பழகினாலே பாதி வேலை முடிந்தது. மீதி, நிறம்.

## மெரூன் புடவை பச்சையான விதம்

பூ விவகாரத்துக்கு அடுத்த வருடம் அதே கடைக்கு மறுபடி விளம்பரம். மாடல் கட்டியிருந்தது மெரூன் பட்டு. எல்லாம் முடிந்து அனுப்பிய பிறகு போன். "தம்பி, மெரூன் எல்லாம் வித்துப் போச்சு. அதே டிசைன்ல பச்சைதான் நிறைய இருக்கு. மாத்திருவோமா?"

இந்த முறை எனக்குப் பதற்றம் இல்லை. அந்தப் பச்சைப் புடவையை வரவழைத்து ஒரு போட்டோ எடுத்து, ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

நிறம் மாற்ற உதவுவது அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இந்த லேயரில் படம் எதுவும் கிடையாது, கீழே இருப்பதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற உத்தரவு மட்டும் இருக்கும். துணியைச் சாயத்தில் முக்குவதற்கும், கலர் கண்ணாடி போட்டுக்கொண்டு துணியைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். Image மெனுவில் இருக்கும் Hue/Saturation சாயம். Layer மெனுவில் New Adjustment Layer-க்குள் இருக்கும் அதே Hue/Saturation கண்ணாடி. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் தெரியாமல் சாயத்தில் முக்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு லேயர் குரூப் உருவாக்கி, அந்த குரூப்புக்கே புடவை வடிவத்தில் மாஸ்க் போட்டேன். உள்ளே என்ன வைத்தாலும் புடவையை மட்டும்தான் பாதிக்கும். மடிப்போரம் எங்காவது தவறினால் ஒரே மாஸ்க்கைத் திருத்தினால் போதும். உள்ளே முதலில் Hue/Saturation. மெரூன் பச்சையானது, ஆனால் தங்க ஜரிகையும் கூடவே நிறம் மாறிப் பித்தளைக் களிம்பு போல ஆகிவிட்டது. அந்த லேயரின் சொந்த மாஸ்க்கில் ஜரிகைக் கரை மேல் கறுப்பு தடவியதும் தங்கம் திரும்பியது. அடுத்து, அசல் புடவையை ஒப்பிட்டால் என் பச்சை ரொம்ப இருட்டு. அதற்கு மேலே Curves என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போட்டுக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன்.

முடிந்தது என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு தவறுகள் கண்ணில் பட்டன. இவைதான் இந்த வேலையின் நுணுக்கமான இடம்.

ஒன்று, மாடலின் முழங்கைக்குக் கீழே தோலில் லேசான சிவப்பு. மெரூன் பட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கையில் விழுந்து, கேமராவில் அப்படியே பதிவாகியிருந்தது. புடவை மெரூனாக இருந்தவரை அது இயல்பு. பச்சையானதும் கை மட்டும் ஏதோ காய்ச்சல் கண்ட மாதிரி தெரிந்தது. குரூப்புக்கு வெளியே இன்னொரு Hue/Saturation லேயர், அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் மாஸ்க், சிவப்பைக் குறைத்தேன். புடவையை மறுபடி மெரூனாக்கச் சொன்னால் இந்த லேயரையும் அணைக்க வேண்டும். அதனால் அதற்கு "பச்சைக்கு மட்டும் - கை" என்று பெயர் வைத்தேன்.

இரண்டாவது, கொசுவத்தில் ஒரு மெரூன் திட்டு. பச்சைக்கு நடுவே காசு அளவு மெரூன்! யோசித்துப் பார்த்ததும் புரிந்தது. புடவையில் இருந்த ஒரு கசங்கலை நீக்க, மேலே ஒரு காலி லேயர் போட்டுப் பக்கத்துத் துணியை எடுத்து ஒட்டியிருந்தேன். காலி லேயரில் செய்தது சரிதான், அசலுக்குச் சேதமில்லை. ஆனால் அந்த லேயர் நிறம் மாற்றும் குரூப்புக்கு மேலே இருந்தது. கண்ணாடிக்கு மேல் ஒட்டியதைக் கண்ணாடி எப்படி மாற்றும்? அந்த லேயரைப் பிடித்துக் கீழே, மாடலுக்கு நேர் மேலே இறக்கியதும் திட்டும் பச்சையானது.

நான் தப்பியது ஒரு அதிர்ஷ்டத்தால். அந்தத் திட்டை ஒட்டியபோது நிறத் திருத்தம் எதுவும் இல்லை, அதனால் அதில் இருந்தது அசல் மெரூன். நிறம் மாற்றியபிறகு ஒட்டியிருந்தால், மாறிய பச்சையே அந்த லேயரில் பதிந்திருக்கும், கீழே இறக்கினால் இரண்டு முறை நிறம் மாறி அலங்கோலமாகியிருக்கும். அதைத் தடுக்க, ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் க்ளோன் ஸ்டாம்ப் கருவியை எடுக்கும்போது மேலே பட்டையில் Sample என்ற இடத்தில் Current & Below வைத்து, பக்கத்தில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் பொத்தானையும் அழுத்திவிட வேண்டும்.

அன்றிலிருந்து அடுக்கின் வரிசையை மாற்றுவதில்லை. அடியில் அசல், அதன் மேல் பழுது பார்த்தது, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் எழுத்தும் லோகோவும்.

## மேலே ஒட்டிய ஒரே படம்

ஒரு பழக்கத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். Ctrl+Alt+Shift+E அழுத்தினால் அதுவரை தெரிகிற எல்லாமே ஒரே படமாகி மேலே ஒரு லேயராக வந்து உட்காரும். கடைசியாக ஷார்ப் செய்ய வசதி என்று பலர் இதைச் செய்வார்கள். கீழே எல்லா லேயரும் அப்படியே இருப்பதால் பத்திரமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் கீழே எதை மாற்றினாலும் திரையில் ஒன்றும் மாறாது, மேலே இருப்பது பழைய படம். அதன் மேலேயே மறுபடி திருத்தத் தொடங்கினால், கீழே இருக்கும் லேயர்கள் வெறும் அலங்காரம்தான். இந்த லேயர் வேண்டுமென்றால் அச்சுக்கு அனுப்பும் நகலில் மட்டும் போடுங்கள்.

வேறொருவர் ஃபைல் உங்கள் கைக்கு வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் அதைக் காட்டவும் மறைக்கவும் ஒரு கண் குறி இருக்கும், மேலிருந்து அதை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். ஒன்றை அணைத்ததும் முழுப் படமும் கொஞ்சம் மாறி, ஆனால் முழுதாகவே இருந்தால், ஒட்டிய படம் அதுவாக இருக்கலாம். Alt பிடித்து அந்தக் கண்ணைக் க்ளிக் செய்தால் அது மட்டும் தனியே தெரியும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

## வெர்ஷன் ஏன் தனியாக வேண்டும்

இவ்வளவும் சரியாகச் செய்தால் ஒரே ஃபைல் போதாதா? போதாது. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம், லேயரே வேண்டாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஃபைலை நகல் எடுத்தால் போதும் என்கிறது. அதுவும் போதாது. இரண்டும் செய்யும் வேலை வேறு.

வெர்ஷன் உங்களை ஒரு நாளுக்குத் திரும்பக் கூட்டிப்போகும். செவ்வாய்க்கிழமை இருந்த படம் அப்படியே கிடைக்கும், ஆனால் புதன், வியாழனில் செய்த நல்ல திருத்தங்கள் அதில் இருக்காது. லேயர் அப்படியல்ல. திங்கட்கிழமை செய்த ஒன்றை மட்டும் மாற்றி, பிறகு செய்த எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம்.

பச்சைப் புடவைக்குப் பிறகு கடைக்காரர் முற்றத்தை மாற்றிக் கோயில் மண்டபம் கேட்டார். விளக்கை மாற்றினோம், மாடலைப் பெரிதாக்கினோம். கடைசியில் அவர் சொன்னது இது. "எல்லாம் இருக்கட்டும், முதல்ல அனுப்புன அந்த முற்றமே நல்லாருந்துச்சு." வெறும் நகல்கள் மட்டும் இருந்திருந்தால் முதல் நகலைத் திறந்து, பச்சை, விளக்கு, அளவு மூன்றையும் மறுபடி செய்திருக்க வேண்டும். வெறும் லேயர் மட்டும் இருந்திருந்தால், அவர் "முதல்ல அனுப்புனது" என்று எதைச் சொல்கிறார் என்பதில் தகராறு வந்திருக்கும். முற்றத்தையே மூன்று விதமாக வெளிச்சம் மாற்றி வைத்திருந்தேன். முதலில் அனுப்பிய v01 ஜேபெக்கைத் திறந்து பார்த்தேன், மாலை வெளிச்சம். நடப்பு ஃபைலில் மண்டபத்தின் கண்ணை அணைத்து, அந்த முற்ற குரூப்பின் கண்ணைத் திறந்தேன். மண்டபத்துக்காகத் தரையில் போட்ட நிழல் முற்றத்துக் கல்லுக்குக் கருப்பாக இருந்தது. நிழல் தனி லேயர் என்பதால் அதன் அடர்த்தியை, அதாவது ஒபாசிட்டியைக் குறைத்தேன். மொத்தம் கால் மணி நேரம்.

வெர்ஷன் எண் எப்போது மாற வேண்டும்? கஸ்டமருக்கு அனுப்பும்போது மட்டும். நம் மேஜையில் செய்யும் சோதனைகளுக்கு எண் கிடையாது. அனுப்பும் படத்துக்கும் அதன் ஃபைலுக்கும் ஒரே எண்.

```
deepavali_v03.psd
deepavali_v03.jpg
```

`final`, `final_new`, `final_ok` என்று பெயர் வைத்தால் இரண்டு வாரத்தில் எது எதற்கு அப்புறம் என்று நமக்கே தெரியாது. படத்தின் மூலையிலும் சின்னதாக v03 என்று எழுதி அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகிப் பங்காளிகள் எல்லாரும் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது, அவர்கள் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அந்த எண்ணால்தான் தெரியும்.

அனுப்பிய ஃபைலை மறுபடி தொடுவதில்லை. அடுத்த திருத்தம் வந்ததும் முதல் வேலையாக v04 என்று சேவ் செய்துவிட்டுத்தான் மாற்றத் தொடங்குவேன்.

இந்த முறைக்குக் கொடுக்கும் விலை ஃபைலின் எடை. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றும் அசலைச் சுமக்கிறது, வெர்ஷன் ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் சுமக்கிறது. லேயர்களோடு சேவ் ஆகும் PSD ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃப்ளெக்ஸ் அளவு வேலைகளில் அந்த எல்லை சீக்கிரம் வரும், அப்போது பெரிய ஃபைல்களுக்கான PSB வடிவத்தில் சேவ் செய்ய வேண்டும். வேலை முடிந்து பணம் வந்தபிறகு நான் இடைப்பட்ட PSD-களை நீக்கிவிட்டு, கடைசி PSD-யையும் எல்லா வெர்ஷனின் ஜேபெக்கையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கடைசி ஃபைலுக்குள் முற்றம், மண்டபம், மெரூன், பச்சை எல்லாமே இருக்கின்றன. எந்தெந்தக் கண் திறந்திருந்தது என்று காட்ட ஜேபெக் போதும்.